பிரேக்கில் கால் வைப்பதற்குப் பன்னிரண்டு வினாடிகளுக்கு முன்

பேருந்து ஓட்டுநர்களுக்கான பயிற்சிப் படத்தின் கதை வசனத்தைத் தயாரிக்கும் குழுவினருக்கு வணக்கம்.

கருத்துச் சொல்லும்படி நீங்கள் சுற்றுக்கு விட்ட வரைவை மூன்று முறை படித்தேன். இருபது வருடத்துக்கு மேல் பேருந்து ஓட்டியவன் நான். அதற்கப்புறம் ஒன்பது வருடம், புதிதாக வருகிறவர்களுக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தேன். அந்த உரிமையில் இதை எழுதுகிறேன். குழுவுக்குத் தனியாக அனுப்பாமல் எல்லோரும் படிக்கிற மாதிரி எழுதக் காரணம், ஓட்டுகிறவர்களும் பயணம் செய்கிறவர்களும் இதில் தங்கள் அனுபவத்தைச் சேர்க்க வேண்டும் என்பதுதான்.

உங்கள் வரைவில் மூன்று பகுதிகள் இருக்கின்றன. முதலில் பயணிகள் பாதுகாப்பு, அடுத்து கண்ணாடி பார்த்தல், கடைசியில் சடன் பிரேக். ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பார்த்தால் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் சடன் பிரேக் காட்சி, ஓட்டுநரின் கால் பிரேக்கை மிதிக்கும் இடத்தில் தொடங்கி வண்டி நிற்கும் இடத்தில் முடிந்துவிடுகிறது. உள்ளே இருந்தவர்களுக்கு என்ன ஆனது என்று கேமரா திரும்பிப் பார்க்கவே இல்லை. என்னுடைய குறை முழுவதும் அதில் அடங்கியிருக்கிறது. அந்தக் காட்சி பன்னிரண்டு வினாடி முன்னால் தொடங்க வேண்டும், வண்டி நின்ற பிறகும் இரண்டு மூன்று நிமிடம் நீள வேண்டும். அப்படி எழுதினால் மூன்று பகுதிகளும் தானாகவே ஒன்றாகிவிடும்.

ஏன் பன்னிரண்டு வினாடி என்று சொல்கிறேன்.

நான் ஓட்டத் தொடங்கிய காலத்தில் நடந்தது இது. ஒரு நிறுத்தத்தில் வயதான அம்மா ஒருவர் ஏறினார். ஒரு கையில் துணிப்பை, இன்னொரு கையில் குடை. கடைசியாக ஏறியது அவர்தான். அவருடைய இரண்டாவது கால் படியை விட்டு மேலே வந்ததும் கதவை மூடி வண்டியை எடுத்தேன். உள் கண்ணாடியைப் பார்க்கவில்லை. பின்னால் ஒரு வண்டி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது, எனக்கும் நேரம் ஆகிக்கொண்டிருந்தது. அவர் நடுப்பகுதியில் காலியாக இருந்த ஓர் இருக்கையை நோக்கி நடந்துகொண்டிருந்திருக்கிறார். ஏறிப் பன்னிரண்டு வினாடி இருக்கலாம். ஒரு சைக்கிள்காரர் பக்கவாட்டில் திரும்பிப் பார்க்காமல் குறுக்கே வந்தார். மிதித்தேன். சைக்கிளுக்கும் எனக்கும் இடையே ஒரு கை நீளம் மிச்சம் இருந்தது. அவர் திரும்பி என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

உள்ளே அந்த அம்மா முன்பக்கக் கம்பிவரை வந்து விழுந்திருந்தார். பக்கத்தில் இருந்தவர்கள் கையைப் பிடித்துத் தூக்கி உட்கார வைத்தார்கள். "ஒன்னும் இல்லப்பா, ஒன்னும் இல்லப்பா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நான் வண்டியை எடுத்தேன். இரண்டு நிறுத்தம் தாண்டி இறங்கிக்கொண்டார். அன்று மாலை ஒப்படைத்த தாளில் விபத்து என்ற கட்டத்தில் "இல்லை" என்று எழுதினேன். யாரையும் இடிக்கவில்லை, வண்டியில் கீறல் இல்லை. அப்போது எனக்குத் தெரிந்த அர்த்தத்தில் அது உண்மைதான்.

ஏழெட்டு நாள் கழித்து அதே நிறுத்தத்தில் அவர் ஏறினார். வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. என்னை அடையாளம் கண்டுகொண்டு, "நான்தான் தம்பி பிடிச்சுக்காம நடந்துட்டேன்" என்று என்னிடம் மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னார்.

அவர் பிடித்துக்கொள்ள எதற்கும் கை இல்லை. இரண்டு கையிலும் சாமான் இருந்ததை அவர் படியேறும்போதே நான் பார்த்திருந்தேன். என் தவறு பிரேக்கில் நடக்கவில்லை, அந்தச் சைக்கிளுக்கு அப்படித்தான் பிடித்திருக்க வேண்டும். தவறு நிறுத்தத்திலேயே நடந்து முடிந்துவிட்டது. சைக்கிள்காரர் அதை வெளியே கொண்டுவந்தார், அவ்வளவுதான்.

எதன்மீதும் மோதாமல், வெறும் பிரேக்காலேயே பயணி அடிபடுகிற இந்த வகை உங்கள் வரைவில் ஒரு வரிகூட இல்லை. பதிவேட்டிலும் எளிதில் ஏறாது. அதனாலேயே பயிற்சியிலும் இடம் பெறாமல் போகிறது.

இப்போது கணக்குக்கு வருகிறேன். படத்தில் இந்தக் கணக்கை ஒரே ஒரு முறை, மெதுவாகக் காட்டினால் போதும். மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வேகத்தில் வண்டி வினாடிக்குச் சரியாக 10 மீட்டர் போகும். மனதில் வைக்க எளிது என்பதால் நான் எப்போதும் அந்த எண்ணையே சொல்லிக்கொடுத்தேன்.

சாலையோரம் ஒரு வேன் நிற்கிறது. அதன் முன்னாலிருந்து ஒரு சிறுவன் சாலைக்குள் கால் வைக்கிறான். அவனுக்கு இரண்டு மீட்டர் முன்பாக நிற்க வேண்டும் என்றால் நமக்கு 25 மீட்டர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

முதல் ஓட்டுநரின் கால் ஆக்சிலரேட்டர் மேல் இருக்கிறது. கண் பார்த்து, மூளை முடிவெடுத்து, கால் இடம் மாறி பிரேக்கை அழுத்த ஒரு வினாடி ஆகிறது. 10 மீட்டர் போய்விட்டது. காற்று பிரேக் என்பதால் அழுத்தம் சக்கரம்வரை போய்ச் சேர இன்னும் கிட்டத்தட்ட அரை வினாடி. அதை 0.4 என்று வைத்தால் 4 மீட்டர். மிச்சம் 11 மீட்டர். அதற்குள் 36 கிலோமீட்டர் வேகத்தைக் கரைக்க வேண்டும் என்றால், ஒவ்வொரு வினாடியும் வேகம் ஏறக்குறைய 16 கிலோமீட்டர் வீதம் குறைய வேண்டும். இரண்டு வினாடிக்குச் சற்று மேலே வண்டி நின்றுவிடும். சிறுவன் பிழைத்துக்கொள்வான். கம்பியைப் பிடிக்காமல் நின்றவர் யாரும் நின்ற இடத்தில் இருக்க மாட்டார். ஒரு கையால் லேசாகப் பிடித்திருந்தவருக்கும் பிடி நழுவலாம்.

இரண்டாவது ஓட்டுநர் அதே வேனைத் தூரத்திலேயே பார்த்துவிட்டார். வேனின் அடியில் இரண்டு சின்னக் கால்கள் தெரிந்தன. ஒன்றும் நடக்கவில்லை, நடக்கலாம் என்று தோன்றியது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து பிரேக்குக்கு மேலே, தொடாமல் வைத்துக்கொண்டார். வேகம் தானாகவே 32-க்கு இறங்கிவிட்டது. சிறுவன் கால் வைத்தபோது இவருடைய கால் இடம் மாற வேண்டியதில்லை என்பதால் அரை வினாடி போதும். காற்று சேரும் 0.4 வினாடியையும் கூட்டினால் 8 மீட்டர் போயிருக்கும். மிச்சம் 17 மீட்டர். இப்போது வினாடிக்கு ஏறக்குறைய 8 கிலோமீட்டர் வீதம் குறைந்தாலே போதும். நிற்பதற்கு ஏறக்குறைய நான்கு வினாடி.

பதினாறு எட்டாகிவிட்டது. அதே வண்டி, அதே சாலை, அதே சிறுவன். பாதிக்குப் பாதி குறைத்தது பிரேக்கின் திறமை இல்லை, காலை முன்கூட்டியே நகர்த்தியதுதான்.

சாதாரணமாக நிறுத்தத்தில் நிற்கும்போது நல்ல ஓட்டுநர் வினாடிக்கு ஐந்து கிலோமீட்டருக்கு மேல் குறைக்க மாட்டார். அந்த அளவுக்குள் நிற்கிற பெரும்பாலோர் காலை ஊன்றிச் சமாளித்துக்கொள்வார்கள். எட்டு என்பது பிடித்திருந்தால் தாங்கும், பிடிக்காவிட்டால் தள்ளாடி ஓரிரு அடி எடுத்து வைக்கச் செய்யும். வயதானவருக்கு அந்த ஓரிரு அடியே ஆபத்து. பதினாறில் அடியெடுத்து வைக்கவே நேரம் இருக்காது.

இதைத் திரையில் காட்ட யாரையும் விழ வைக்க வேண்டாம். உங்கள் வரைவில் துணை நடிகர் ஒருவர் விழுவதாக எழுதியிருக்கிறீர்கள். அதைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். நடிப்பு என்று தெரிந்தால் பயிற்சிக்கு வந்தவர்கள் சிரிப்பார்கள், நிஜமாக விழுந்தால் நாம் ஒருவரைக் காயப்படுத்தியிருப்போம். காலி வண்டியை மூடிய மைதானத்தில் ஓட்டி, கூரைக் கம்பியில் தொங்கும் கைப்பிடி வளையங்களைப் பக்கவாட்டிலிருந்து படம் எடுங்கள். வளையம் ஒரு நல்ல அளவுகோல். வினாடிக்கு ஐந்து என்று பிடித்தால் அது 8 பாகை அளவுக்கு முன்னால் சாயும். எட்டுக்கு 13 பாகை. பதினாறுக்கு 25-ஐத் தொடும். அதுவும் சடாரென்று மிதித்தால் முதல் வீச்சில் இதைவிடக் கூடுதலாகவே எழும்பும், பிறகுதான் அந்தக் கோணத்துக்கு இறங்கி வரும். வண்டி நின்ற கணத்தில் எல்லா வளையங்களும் ஒன்றுபோலப் பின்னால் வீசும். நின்ற பிறகும் ஆள் பின்பக்கமாக விழுவது அதனால்தான் என்பது சொல்லாமலே புரியும்.

நான் கற்றுக்கொடுத்த பிள்ளைகளிடம், "உன் பிரேக் எப்படி இருக்குன்னு என்கிட்ட கேட்காத, உள் கண்ணாடியில வளையத்தைப் பார்" என்பேன். வண்டியை மெதுவாக நிறுத்தும் கடைசி ஒரு மீட்டரில் பெடலைக் கொஞ்சம் தளர்த்தினால் அந்தப் பின்வீச்சு ஏறக்குறைய மறைந்துவிடும். இரண்டு நாள் பழகினால் யாருக்கும் வரும்.

அடுத்தது கண்ணாடி. உங்கள் வரைவில் "பிரேக் பிடிக்கும் முன் கண்ணாடியைப் பார்க்கவும்" என்று இருக்கிறது. வழக்கமாக வேகம் குறைக்கும்போது இது சரி. சடன் பிரேக் காட்சியிலும் அதே வாக்கியம் குரலாக வருகிறது. அங்கே அது தவறு. கண்ணாடிக்குக் கண்ணைக் கொண்டுபோய்த் திரும்ப ஒரு வினாடி பிடித்தால், நமது கணக்கில் 10 மீட்டர் போய்விட்டது. 25 மீட்டரில் 10 மீட்டரைக் கண்ணாடிக்குக் கொடுத்தால் சிறுவனுக்கு என்ன மிஞ்சும்? அவசரத்தில் பார்க்க நேரம் கிடையாது. பின்னால் என்ன இருக்கிறது என்பது அப்போது ஏற்கெனவே தெரிந்திருக்க வேண்டும். ஐந்திலிருந்து எட்டு வினாடிக்கு ஒருமுறை இருபுறக் கண்ணாடியையும், நடுநடுவே உள் கண்ணாடியையும் தொட்டுவிட்டு வருவது அதற்காகத்தான். வாங்கி வைத்த செய்தி ஐந்து வினாடி பழையதாக இருந்தால் பரவாயில்லை, ஒரு நிமிடம் பழையது என்றால் அது செய்தியே இல்லை.

ஒவ்வொரு பார்வையும் சின்னதாக இருக்கட்டும். நீளமாக ஒருமுறை பார்ப்பதைவிடச் சின்னதாக இரண்டு முறை பார்ப்பது நல்லது. இடையில் ஒருமுறை முன்னால் பார்த்துவிடலாம், இரண்டு பார்வைக்கும் இடையே பின்னால் வருகிறவர் எவ்வளவு நெருங்கியிருக்கிறார் என்பதும் தெரியும். குவிந்த கண்ணாடி அகலமாகக் காட்டும், ஆனால் வண்டியை உள்ளதைவிடத் தூரமாகக் காட்டும். அதில் ஆள் இருக்கிறாரா என்று தெரிந்துகொண்டு, எவ்வளவு கிட்டத்தில் என்பதைத் தட்டையான கண்ணாடியில்தான் பார்க்க வேண்டும்.

வரைவின் கண்ணாடிக் காட்சியில் நடிகர் இடம், வலம், மேலே என்று இரண்டு வினாடியில் தலையைத் திருப்பிவிட்டு வண்டியை எடுக்கிறார். அதைப் பார்த்துப் பழகுகிறவர்கள் தலை திருப்பத்தான் கற்றுக்கொள்வார்கள். தேர்வில் தலையை அழகாகத் திருப்பிவிட்டு, "இப்போ இடது பக்கம் என்ன நிக்குது?" என்று கேட்டால் விழித்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால் ஒரு பழக்கம் வைத்திருந்தேன். வண்டி ஓடும்போது திடீரென்று ஓர் அட்டையைக் கண்ணாடிக்கு முன்னால் நீட்டி மறைப்பேன். "பின்னால் என்ன?" "சிவப்பு வேன் ஒன்று, அதுக்குப் பின்னால் பைக்." "உள்ளே எத்தனை பேர் நிக்கிறாங்க?" பெரும்பாலும் இந்த இரண்டாவது கேள்விக்குத்தான் பதில் வராது. படத்திலும் இதைச் செய்யலாம். பத்து வினாடி கண்ணாடியைத் திரை முழுக்கக் காட்டுங்கள், அப்புறம் திரையைக் கருப்பாக்கிக் கேளுங்கள். பார்ப்பவர் பதில் சொல்ல ஐந்து வினாடி விடுங்கள்.

நிறுத்தத்திலிருந்து கிளம்பும் வரிசையையும் கொஞ்சம் திருத்த வேண்டும். முதலில் கதவுப் பக்கக் கண்ணாடி: ஓடி வருகிறவர், கதவில் மாட்டிய பையின் வார், சக்கரத்துக்கு அருகே குனிந்து எதையோ பொறுக்குகிறவர். இரண்டாவது உள் கண்ணாடி: நடந்துகொண்டிருப்பவர் யாராவது இருக்கிறாரா? இருந்தால் அங்கேயே நிற்க வேண்டும், மூன்றாவதுக்குப் போகவே வேண்டாம். அவர் உட்கார்ந்ததும், அல்லது கம்பியைப் பிடித்து நின்றதும், சாலைப் பக்கக் கண்ணாடி. பிறகு இருக்கையிலேயே உடம்பை ஒருமுறை முன்னும் பின்னுமாக அசைத்து முன்கண்ணாடியின் ஓரத் தூணுக்கும் கண்ணாடிச் சட்டத்துக்கும் பின்னால் மறைந்திருப்பது யார் என்று பார்க்க வேண்டும். ஒரு முழு ஆளும் அந்தத் தூணுக்குப் பின்னால் மறைந்துபோவார். உட்கார்ந்தபடி அசையாமல் பார்த்தால் எத்தனை நேரம் பார்த்தாலும் தெரிய மாட்டார். கடைசியாக, உள்ளே ஒரு குத்துமதிப்புப் பார்வை, பிறகு வண்டியை எடுக்கலாம். எழுதும்போது நீளமாகத் தெரிகிறது. பழகியவருக்கு, யாரும் நடந்துகொண்டிருக்காதபோது நான்கைந்து வினாடிதான்.

இதோடு இன்னொன்றையும் சேருங்கள். நேரம் இருக்கும்போது, அதாவது ஏதோ நடக்கலாம் என்று மட்டும் தோன்றும்போது, பிரேக்கை ஒரு வினாடி லேசாகத் தொடுவது. எங்களுக்குள் இதைச் "சொல்லிவிட்டுப் பிடிப்பது" என்போம். வண்டி லேசாகக் குனியும். உட்கார்ந்திருப்பவர் போனிலிருந்து தலையைத் தூக்குவார், நிற்கிறவரின் கை தானாகக் கம்பியைத் தேடும், பின்னால் வருகிற வண்டிக்கும் சிவப்பு விளக்கு தெரியும். அதன்பின் அழுத்திப் பிடிக்க வேண்டி வந்தாலும் உள்ளே எல்லோரும் ஓரளவு தயாராக இருப்பார்கள். பிடிக்க வேண்டியே வராவிட்டாலும் நஷ்டம் ஒன்றும் இல்லை.

ஆனால் இதற்கு எல்லை உண்டு, அந்த எல்லையைப் படம் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஆள் பத்து மீட்டரில் குதித்துவிட்டால் சொல்லிவிட்டுப் பிடிக்க நேரமில்லை. அப்போது உள்ளே இருப்பவர்களை நினைத்துக் காலைத் தளர்த்தக் கூடாது. உங்கள் வரைவில் "பயணிகளின் பாதுகாப்பைக் கருத்தில் கொண்டு மிதமாக பிரேக் பிடிக்கவும்" என்று ஒரு வாக்கியம் இருக்கிறது. நல்ல மனதுடன்தான் எழுதியிருக்கிறீர்கள். அதை நம்பி ஒருவர் அரை வினாடி தயங்கினால் வெளியே இருப்பவர் உயிரோடு இருக்க மாட்டார். முழுக்க மிதிக்க வேண்டும், ஸ்டீயரிங் நேராக இருக்க வேண்டும். திருப்பித் தப்பிக்கலாம் என்று நினைப்பது காரில் சில நேரம் பலிக்கும். நின்றுகொண்டிருக்கிற இருபது பேரோடு உயரமான வண்டியைத் திருப்பினால் எல்லோரும் பக்கவாட்டில் விழுவார்கள், பக்கத்துப் பாதையில் யார் வருகிறார்கள் என்பதைப் பொறுத்து ஒரு விபத்து இரண்டாகும்.

சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். உள்ள வண்டியில் அழுத்திய கால் வண்டி நிற்கும்வரை எழவே கூடாது. பெடல் காலுக்கடியில் படபடவென்று துடிக்கலாம், ஏதோ உடைகிற மாதிரி சத்தமும் வரலாம். முதல்முறை உணர்கிறவர் பயந்து காலை எடுத்துவிடுகிறார், அதோடு அத்தனை தூரமும் வீண். அந்தத் துடிப்பை மைதானத்தில் ஒருமுறையாவது காலால் உணராமல் யாரையும் சாலைக்கு அனுப்பக் கூடாது, இதைப் படத்தால் ஈடுசெய்ய முடியாது. ஏ.பி.எஸ். இல்லாத வண்டியில் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்குவதை உணர்ந்தால் கொஞ்சம் தளர்த்தி மறுபடி அழுத்த வேண்டும். இரண்டும் நேர் எதிரான பழக்கங்கள். ஆகவே இன்று எந்த வண்டி என்பதைக் கிளம்பும் முன்பே, ஏ.பி.எஸ். எச்சரிக்கை விளக்கைப் பார்த்துத் தெரிந்துகொண்டு போக வேண்டும். கடைசி மீட்டரில் பெடலைத் தளர்த்தும் பழக்கத்தையும் அவசரத்தில் மறந்துவிட வேண்டும்.

சரி, வண்டி நின்றுவிட்டது. உங்கள் படம் முடிகிற இடம். என்னைக் கேட்டால் பாதிக் காட்சி இனிமேல்தான்.

நின்ற உடனே ஓட்டுநரின் நெஞ்சு அடித்துக்கொள்ளும், கை நடுங்கும். பின்னால் ஹாரன் கேட்கும். தப்பித்தோம் என்ற உணர்ச்சியில் கால் தானாக ஆக்சிலரேட்டருக்குப் போகும். விழுந்தவர் அந்த நேரத்தில் ஒரு முட்டியை ஊன்றி எழுந்துகொண்டிருப்பார், அவரைத் தூக்க இரண்டு பேர் குனிந்திருப்பார்கள். வண்டி குலுங்கினால் மூன்று பேரும் விழுவார்கள். என் வண்டியில் அந்த அம்மாவுக்கு மணிக்கட்டு உடைந்தது முதல் விழுகையிலா, நான் வண்டியை எடுத்தபோது அவர் இருக்கை ஓரத்தில் கையை ஊன்றினாரே, அப்போதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஆகவே இந்தக் காட்சியை இப்படி எழுதிப் பாருங்கள். இது என் முயற்சி, உங்கள் வசனகர்த்தா இதைவிட நன்றாக எழுதுவார்.

காட்சி: வண்டியின் உள்ளே. வளையங்கள் இன்னும் ஆடிக்கொண்டிருக்கின்றன.

ஓட்டுநர் ஹேண்ட் பிரேக்கைப் போடுகிறார். கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவருகிறார். நான்கு பக்க எச்சரிக்கை விளக்கைப் போடுகிறார். கண்ணாடி வழியாக இல்லாமல், உடம்பையே திருப்பிப் பின்னால் பார்க்கிறார்.

ஓட்டுநர்: யாரும் அவசரமா எந்திரிக்காதீங்க. நான் வண்டியை எடுக்க மாட்டேன். யாருக்காவது அடிபட்டிருக்கா?

ஒரு பயணி: இங்க ஒரு அம்மா விழுந்துட்டாங்க. தூக்கட்டுமா?

ஓட்டுநர்: தூக்காதீங்க, நான் வர்றேன். (எழுந்து போய் அவருக்குப் பக்கத்தில், கண்ணுக்கு நேராக உட்கார்கிறார்.) அம்மா, எங்க வலிக்குது? தலை எங்கயாவது இடிச்சுதா? காலை அசைக்க முடியுதா?

அம்மா: ஒன்னும் இல்லப்பா. எல்லாரும் பார்க்கிறாங்க, நீ வண்டியை எடு.

ஓட்டுநர்: பரவாயில்லம்மா, மெதுவா. நேரம் இருக்கு.

"ஒன்றும் இல்லை" என்ற பதிலை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதை இந்த இடத்தில் குரல் சொல்ல வேண்டும். விழுந்தவருக்கு முதலில் தெரிவது வலி இல்லை, கூச்சம். இடுப்பைத் தொட்டதும் முகம் சுளிக்கிறாரா, ஒரு கால் வெளிப்பக்கம் திரும்பியோ மற்றதைவிடக் குட்டையாகவோ தெரிகிறதா, விரலை மடக்க முடியவில்லையா, கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்கிறாரா என்று பார்க்க வேண்டும். இதில் ஒன்று இருந்தாலும், தலையில் அடிபட்டிருந்தாலும், படுத்த இடத்திலேயே விட்டுவிட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். இடுப்பு எலும்பு முறிந்தவரை நாலு பேர் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினால் முறிவு இன்னும் விலகலாம். ஒன்றுமே தெரியாவிட்டாலும், அவரே தன் பலத்தில் எழுந்து உட்கார்ந்த பிறகுதான் வண்டி நகர வேண்டும். அப்புறம் பதிவு. எந்த இடம், எத்தனை மணி, யார் விழுந்தார், எங்கே பிடித்திருந்தார் அல்லது பிடிக்கவில்லை, எதற்காக பிரேக் பிடித்தேன். மோதல் இல்லை என்றாலும் இது எழுதப்பட வேண்டும். எழுதியவர்மேல் அதற்காக நடவடிக்கை வராது என்பதை அதிகாரத்தில் உள்ள ஒருவர் படத்தில் நேரடியாகத் தோன்றிச் சொல்ல வேண்டும். அவர் சொல்லாவிட்டால் நான் அன்று எழுதிய அதே "இல்லை"தான் தொடர்ந்து எழுதப்படும்.

அதிகாரத்தில் இருப்பவரிடம் கேட்க இன்னொன்றும் உண்டு. ஓட்டுநர்கள் காத்திருக்காமல் கிளம்புவதற்குப் பெரும்பாலும் காரணம் அறியாமை இல்லை, கால அட்டவணை. ஒரு நடையில் முப்பது நிறுத்தம் என்று வையுங்கள். ஒவ்வொன்றிலும் பயணி உட்கார ஆறு வினாடி கூடுதலாகக் காத்திருந்தால் மொத்தம் மூன்று நிமிடம். அந்த மூன்று நிமிடத்தை அட்டவணையில் கொடுக்காமல், காத்திருக்கச் சொல்லி மட்டும் படம் எடுத்தால், பார்க்கிற ஓட்டுநர் மனதுக்குள் "நேரத்துக்கு வரலைன்னா யார் பதில் சொல்றது?" என்று கேட்பார். படத்தால் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது, அட்டவணை போடுகிறவர்கள்தான் சொல்ல முடியும். அவர்களையும் முதல் திரையிடலுக்குக் கூப்பிடுங்கள் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

மைதானத்தில் வளையங்களைப் படம் எடுக்கும் நாளில் நான் வருகிறேன். வண்டியின் எடை நிறையப் பேர் ஏறியது போல இருக்க இருக்கைகளில் மணல் மூட்டைகளைக் கட்டி வைக்க வேண்டும், காலி வண்டியின் பிரேக்கும் நிறைந்த வண்டியின் பிரேக்கும் காலுக்கு வேறுவேறாகத் தெரியும். மூட்டை கட்டுவதிலும் ஓட்டுவதிலும் உதவியாக இருப்பேன். கேமராவை எந்தக் கம்பியில் கட்டினால் முதல் வளையமும் கடைசி வளையமும் ஒரே சட்டத்தில் தெரியும் என்று ஒரு காலி வண்டியில் ஏறிப் பார்த்து வைத்திருக்கிறேன். கதவுக்குப் பின்னால் உள்ள மூன்றாவது செங்குத்துக் கம்பி, நிற்கிறவரின் தோள் உயரம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓட்டுநர் பயிற்சியாளர்